இன்சென்டிவ் நிறுத்தப்பட்டால்: இலக்குக் கணக்கை வரிவரியாகப் பிரித்துப் பார்ப்பது

விற்பனை வேலையில் இருப்பவர்களுக்குக் காலாண்டு முடிந்து சில வாரம் கழித்து ஒரு மின்னஞ்சல் வரும். அதில் ஒரே ஒரு எண் இருக்கும்: அச்சீவ்மென்ட் 86.67 சதவீதம். அதன் கீழே ஒரு வரி: தகுதி வரம்பு 90 சதவீதம், எனவே இந்தக் காலாண்டுக்கு இன்சென்டிவ் இல்லை. நம் குறிப்பேட்டில் இலக்கை ஏறக்குறைய தொட்டுவிட்டோம் என்று இருக்கும். இரண்டில் எது சரி?

இந்த நேரத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது, மேலாளரிடம் போய் எவ்வளவு அலைந்தோம், எந்த வாடிக்கையாளரைப் பிடித்துக் கொடுத்தோம் என்று சொல்வது. அவர் "சரி, பார்க்கிறேன்" என்பார். கணக்குப் பிரிவுக்கு உழைப்பைச் சொல்லும் வாதம் போய்ச் சேராது. அவர்களிடம் ஓர் அறிக்கை இருக்கிறது, அதில் ஒரு கூட்டுத்தொகை இருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கூட்டுத்தொகையும் நம் கூட்டுத்தொகையும் எந்த வரியில் பிரிகின்றன என்பதைக் கண்டுபிடித்து, அந்த வரியைப் பற்றி மட்டும் கேட்டால்தான் பேச்சு நகரும்.

## சதவீதத்துக்குள் இருப்பவை

அச்சீவ்மென்ட் என்பது ஒரு வகுத்தல். மேலே நமக்கு வரவு வைக்கப்பட்ட விற்பனை, கீழே நமக்குக் கொடுக்கப்பட்ட இலக்கு. விடையை ஸ்லாப் எனப்படும் படிநிலை அட்டவணையில் வைத்துப் பார்த்துத் தொகையை எடுப்பார்கள். அப்படியானால் தகராறு வரக்கூடிய இடங்கள் மூன்று.

1. மேல் எண். எது விற்பனை என்று எண்ணப்படுகிறது என்பதே முதல் கேள்வி. ஆர்டர் வந்த நாள், இன்வாய்ஸ் போட்ட நாள், பணம் வந்த நாள் ஆகிய மூன்றும் வேறுவேறு நாட்கள். ஒரே விற்பனை இந்த மூன்றில் எதை எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து இந்தக் காலாண்டிலும் விழலாம், அடுத்ததிலும் விழலாம். தள்ளுபடி, வரி, திரும்பி வந்த சரக்கு, வேறொருவரோடு பங்கு பிரிக்கப்பட்ட விற்பனை ஆகியவையும் இங்கேதான் கூடுகின்றன, குறைகின்றன.

2. கீழ் எண். இலக்கு என்பது பெரும்பாலும் ஒரே எண்ணாகச் சொல்லப்பட்டாலும், அது வாடிக்கையாளர் வாரியாகவோ பகுதி வாரியாகவோ மாத வாரியாகவோ கூட்டிக் கட்டப்பட்டது. ஒரு வாடிக்கையாளர் நம்மிடமிருந்து போனால் அவருக்காக வைக்கப்பட்ட பங்கு இலக்கிலிருந்தும் போக வேண்டும். நீண்ட விடுப்பு, காலாண்டின் நடுவில் வேலையில் சேர்ந்தது ஆகியவற்றுக்கும் இதே தர்க்கம்தான். 92 நாள் உள்ள ஒரு காலாண்டில் 23 நாள் மருத்துவ விடுப்பு என்றால், நாள் கணக்கில் குறைக்கும் விதி இருக்கும்பட்சத்தில் இலக்கு முக்கால் பங்காக வேண்டும்.

3. படிநிலை. 90க்குக் கீழே ஒன்றும் இல்லை, 90ஐத் தொட்டால் பாதி என்று இருந்தால், 89.9க்கும் 90க்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. விதியில் "90 சதவீதம் முதல்" என்று இருக்கிறதா, "90 சதவீதத்துக்கு மேல்" என்று இருக்கிறதா, தசமத்தை எப்படி முழுமையாக்குகிறார்கள் என்பதெல்லாம் விளிம்பில் நிற்பவருக்கு வாழ்வா சாவா கேள்வி.

முழுத் தொகையும் நின்றுபோகும் சண்டைகளில் பெரும்பாலும் மூன்றாவது இடம் வெடிக்கிறது. ஆனால் பிழை இருப்பது முதல் இரண்டில். மேலேயோ கீழேயோ ஏற்படும் ஒரு சின்ன நகர்வுதான் ஆளைப் பள்ளத்துக்குள் தள்ளுகிறது.

## கையில் வேண்டிய தாள்கள்

கணக்கைத் தொடும் முன் மூன்று ஆவணங்கள் வேண்டும். முதலாவது, அந்தக் காலாண்டில் நடைமுறையில் இருந்த இன்சென்டிவ் திட்டம். "நடைமுறையில் இருந்த" என்பது இங்கே முக்கியம். இந்த வருடம் திருத்தப்பட்ட திட்டம் இணையதளத்தில் இருக்கும், நமக்குப் பொருந்துவது அதற்கு முந்தைய பதிப்பாக இருக்கலாம். எந்தத் தேதியில் எந்தப் பதிப்பு வந்தது என்பதற்கு அது வந்த மின்னஞ்சலே சாட்சி.

இரண்டாவது, இலக்கு ஒதுக்கீட்டுத் தாள். மொத்த எண் மட்டும் போதாது, அது எப்படிப் பிரிக்கப்பட்டது என்பதும் வேண்டும். மூன்றாவது, இன்வாய்ஸ் வாரியான அச்சீவ்மென்ட் அறிக்கை. கூட்டுத்தொகையை மட்டும் அனுப்பியிருந்தால் முதல் கடிதத்தில் கேட்க வேண்டியது இந்த விவரத்தைத்தான். அது வராமல் மறுப்பு எழுதுவது இருட்டில் கல்லெறிவது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சாட்சி வேண்டும் என்ற அவசரத்தில் வாடிக்கையாளர் பட்டியலையும் லெட்ஜரையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்பவர்கள் உண்டு. அது ரகசியத் தகவலை வெளியே எடுத்ததாகப் பார்க்கப்படும். இன்சென்டிவ் பற்றிய பேச்சு ஒழுங்கு நடவடிக்கையாக மாறிவிடும். அலுவலக மின்னஞ்சல் வழியே, எழுத்தில், முறையாகக் கேளுங்கள். கேட்டதும், கொடுத்ததும், கொடுக்க மறுத்ததும் அங்கேயே பதிவாகும்.

## 118 எப்படி 104 ஆனது

ஒரு மாதிரிக் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். ஜூலை–செப்டம்பர் காலாண்டு. ஒரு விற்பனை அலுவலரின் இலக்கு 120 லட்சம். திட்டத்தின்படி குறைந்தபட்சம் 90 சதவீதம் எட்டினால் இன்சென்டிவில் பாதி. அதற்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 5 சதவீதம் கூடும். 100ஐத் தொட்டால் முழுத் தொகை. அதற்கு மேல் போனாலும் அதே தொகைதான்.

அவருடைய குறிப்பேட்டில் விற்பனை 118 லட்சம், அதாவது 98.33 சதவீதம். நிறுவனத்தின் அறிக்கையில் 104 லட்சம், 86.67 சதவீதம். இடைவெளி 14 லட்சம். இன்வாய்ஸ் வாரியான அறிக்கை வந்த பிறகு, தன் பட்டியலையும் அதையும் அருகருகே வைத்து, இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும் வரிகளை எல்லாம் அடித்துக்கொண்டே வந்தார். கடைசியில் அடிக்க முடியாமல் மிஞ்சியவை நான்கு.

முதல் வரி: 5 லட்சம். செப்டம்பர் 28 அன்று ஆர்டர் வந்தது. கிடங்கில் சரக்கு ஏற்றத் தாமதமாகி, அக்டோபர் 3 அன்று இன்வாய்ஸ் போட்டார்கள். தாமதம் அவருடையது அல்ல. ஆனால் திட்டத்தில் "இன்வாய்ஸ் தேதியே கணக்கில் கொள்ளப்படும்" என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. நிறுவனத்தின் தாமதத்துக்கு விலக்கு எதுவும் இல்லை. இது கசப்பான வரிதான், என்றாலும் நிறுவனத்தின் பக்கமே நிற்கிறது. இதில் கேட்கக்கூடியது ஒன்றுதான்: அடுத்த காலாண்டில் இந்த 5 லட்சம் தவறாமல் வரவு வைக்கப்பட வேண்டும்.

இரண்டாம் வரி: 3 லட்சம். அவர் குறிப்பேட்டில் எழுதியது ஆர்டர் மதிப்பு, தள்ளுபடிக்கு முன் இருந்த விலை. அறிக்கை எடுத்தது தள்ளுபடியும் வரியும் போன நிகர இன்வாய்ஸ் மதிப்பு. திட்டம் சொல்வதும் நிகர மதிப்பைத்தான். இதுவும் நிறுவனத்தின் பக்கம். தன் கணக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருப்பதாக உணர்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை. வித்தியாசம் ஒரே இன்வாய்ஸில் இருக்காது. எல்லா வரிகளிலும் கொஞ்சம் கொஞ்சமாக, ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருக்கும்.

மூன்றாம் வரி: 4 லட்சம். அறிக்கையில் கழித்தல் குறியோடு ஒரு வரி. ஆகஸ்ட் 11 தேதியிட்ட கிரெடிட் நோட். வாடிக்கையாளர் சரக்கைத் திருப்பி அனுப்பியதற்காகப் போட்டது. அந்தக் கிரெடிட் நோட்டை எடுத்துப் பார்த்தால், எந்த இன்வாய்ஸுக்கு எதிராகப் போடப்பட்டது என்ற எண் அதிலேயே அச்சாகியிருக்கிறது. அந்த இன்வாய்ஸின் தேதி ஜூன் 18. அதாவது போன காலாண்டில் விற்ற சரக்கு, 54 நாள் கழித்துத் திரும்பியிருக்கிறது.

இப்போது திட்டத்தைப் பார்க்க வேண்டும். அதில் இப்படி ஒரு விதி: "விற்ற நாளிலிருந்து 90 நாளுக்குள் சரக்கு திரும்பினால், அந்த விற்பனை எந்தக் காலாண்டில் கணக்கிடப்பட்டதோ அந்தக் காலாண்டின் சாதனையிலிருந்து கழிக்கப்படும்." எனவே இந்த 4 லட்சத்தை ஏப்ரல்–ஜூன் கணக்கிலிருந்து கழித்திருக்க வேண்டும். ஜூலை–செப்டம்பரில் கழித்தது விதிக்கு முரண்.

இந்தப் பிழை எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க வேண்டியதில்லை. கணக்கு மென்பொருள் கிரெடிட் நோட்டை அது பதிவான தேதியில் ஏற்றும். இன்சென்டிவ் அறிக்கையைத் தயாரிப்பவர் லெட்ஜரில் ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை என்று வடிகட்டி எடுப்பார். அந்த இடைவெளியில் பதிவான கழிவுகள் எல்லாம், எந்தக் காலத்து விற்பனைக்கானவை என்று பாராமல், தானாகவே உள்ளே வந்துவிடும். நிதிக் கணக்குக்கு அது சரி. இன்சென்டிவ் திட்டத்துக்கு அது தவறு. இரண்டும் ஒரே தரவை எடுத்துக்கொள்வதால் வரும் கோளாறு இது. அதனால், கழித்தல் குறியுள்ள ஒவ்வொரு வரிக்கும் அதன் மூல இன்வாய்ஸ் தேதியைத் தேடிப் பார்ப்பது வீண் வேலையே அல்ல.

ஒரு சந்தேகம் எழலாம். போன காலாண்டுக்கு இதைத் தள்ளினால், அங்கே ஏற்கனவே வாங்கிய தொகையைத் திருப்பிக் கேட்பார்களே? கேட்கலாம். அதனால்தான் கடிதம் எழுதும் முன்பே அதையும் போட்டுப் பார்க்க வேண்டும். அவருடைய ஏப்ரல்–ஜூன் இலக்கு 110 லட்சம், விற்பனை 121 லட்சம். 4 லட்சத்தைக் கழித்தால் 117. சாதனை 110 சதவீதத்திலிருந்து 106.36 சதவீதமாகக் குறையும். 100க்கு மேல் எவ்வளவு இருந்தாலும் அதே தொகை என்பதால், அங்கே எதுவும் திரும்பப் போகாது. ஒருவேளை போன காலாண்டில் அவர் 101 சதவீதத்தில் நின்றிருந்தால் நிலைமை வேறு.

நான்காம் வரி: 2 லட்சம். செப்டம்பர் 1 முதல் ஒரு வாடிக்கையாளரை நிர்வாகம் வேறொரு குழுவுக்கு மாற்றியது. செப்டம்பரில் அந்த வாடிக்கையாளர் வாங்கிய 2 லட்சம் அந்தக் குழுவின் கணக்கில் ஏறிவிட்டது. அதைத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் இலக்கு ஒதுக்கீட்டுத் தாளில் அதே வாடிக்கையாளருக்கு மாதம் 2 லட்சம் வீதம் காலாண்டுக்கு 6 லட்சம் வைக்கப்பட்டிருக்கிறது. வாடிக்கையாளர் போன பிறகும் செப்டம்பருக்கான அந்த 2 லட்சம் இலக்கில் அப்படியே இருக்கிறது. மேல் எண்ணிலிருந்து எடுத்தார்கள், கீழ் எண்ணைத் தொடவில்லை.

5, 3, 4, 2. கூட்டினால் 14. இடைவெளி முழுவதும் விளக்கப்பட்டுவிட்டது, மிச்சம் எதுவும் இல்லை. மிச்சம் இருந்தால் தேடல் முடியவில்லை என்று பொருள். விளக்கப்படாத இரண்டு லட்சத்தை வைத்துக்கொண்டு கடிதம் எழுதினால், எதிர்த்தரப்பு அந்த இரண்டு லட்சத்தைத்தான் முதலில் பிடிக்கும்.

## எந்த வரி முடிவை மாற்றுகிறது

எல்லாப் பிழைக்கும் ஒரே எடை கிடையாது. ஒவ்வொன்றையும் தனியாகத் திருத்திப் பார்த்தால் எதில் கவனம் வைப்பது என்று தெரிந்துவிடும்.

1. வாடிக்கையாளர் மாற்றத்தை மட்டும் திருத்தினால்: 104ஐ 118ஆல் வகுக்க 88.14 சதவீதம். வரம்பைத் தொடவில்லை. இன்சென்டிவ் இல்லை.

2. கிரெடிட் நோட்டை மட்டும் திருத்தினால்: 108ஐ 120ஆல் வகுக்க மிகச் சரியாக 90 சதவீதம். "குறைந்தபட்சம் 90" என்பது விதி என்பதால் பாதித் தொகை உண்டு. "90க்கு மேல்" என்று எழுதியிருந்தால் ஒன்றும் கிடையாது.

3. இரண்டையும் திருத்தினால்: 108ஐ 118ஆல் வகுக்க 91.53 சதவீதம். தொகை ஏறக்குறைய 57.6 சதவீதம்.

ஆக, கிரெடிட் நோட்தான் கதவைத் திறக்கிறது. வாடிக்கையாளர் மாற்றம் அதன் பிறகு கொஞ்சம் கூட்டித் தருகிறது. வரம்பின் விளிம்பில் நின்று ஒற்றைச் சொல்லுக்காகச் சண்டை போடாமல் இருக்கவும் அது உதவுகிறது. கடிதத்தில் கிரெடிட் நோட் முதலில் வர வேண்டும்.

கவனியுங்கள், இவர் 14 லட்சத்தில் 8 லட்சத்தை விட்டுக்கொடுக்கிறார். முழு 118ஐயும் கேட்டிருந்தால் 91 சதவீதத் தொகைக்கு மேல் வந்திருக்குமே என்று தோன்றும். ஆனால் இன்வாய்ஸ் தேதி பற்றிய விதியைக் காட்டி 5 லட்சத்தை ஒரே வரியில் மறுத்துவிடுவார்கள். அதே பதிலில் "தங்கள் கோரிக்கை திட்ட விதிகளுக்கு இணங்க இல்லை" என்று மொத்தத்தையும் மூடிவிடுவார்கள். நியாயமான 4 லட்சமும் அதோடு போய்விடும். விட்டுக்கொடுத்த வரிகளைக் கடிதத்திலேயே எழுதுவது பலவீனம் அல்ல. திட்டத்தை முழுவதும் படித்தவர் எழுதுகிறார் என்பதை அது காட்டிவிடுகிறது.

## பிழையா, விளக்கமா, விருப்பமா

கிரெடிட் நோட்டும் வாடிக்கையாளர் மாற்றமும் ஒரே வகைத் தகராறு அல்ல. முதலாவதில் விதி எழுதியிருக்கிறது, கணக்கு அதை மீறியிருக்கிறது. இது பிழை. நல்ல நிறுவனம் இதை ஒரு வாரத்தில் திருத்திவிடும்.

இரண்டாவதில் திட்டம் மௌனமாக இருக்கலாம். "வாடிக்கையாளர் மாறினால் இலக்கும் மாறும்" என்று எங்கும் எழுதியிருக்காது. அப்போது அது விளக்கம் சார்ந்த தகராறு. இதற்கு வலுவான ஆதாரம், இதே நிறுவனம் முன்பு எப்படி நடந்துகொண்டது என்பது. வேறொருவரின் வாடிக்கையாளர் மாறியபோது இலக்கைக் குறைத்தார்களா? புதிதாக அந்த வாடிக்கையாளரைப் பெற்ற குழுவின் இலக்கு 2 லட்சம் கூடியதா? கூடியிருந்தால் அதே 2 லட்சம் இரண்டு பேர் இலக்கிலும் ஒரே மாதத்தில் இருக்கிறது. இதற்கு நிர்வாகத்தால் எளிதில் பதில் சொல்ல முடியாது. ஆங்கிலேய மரபுச் சட்டத்தைப் பின்பற்றும் நாடுகளில் இன்னொரு கோட்பாடும் உண்டு: ஒப்பந்தச் சொற்களுக்கு உண்மையிலேயே இரண்டு பொருள் கொள்ள முடிந்தால், அதை எழுதியவருக்குப் பாதகமான பொருளை எடுத்துக்கொள்ளலாம். திட்டத்தை எழுதியது நிறுவனம்.

மூன்றாவது வகை, விருப்புரிமை. "இத்திட்டத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றவோ நிறுத்தவோ நிர்வாகத்துக்கு உரிமை உண்டு, நிர்வாகத்தின் முடிவே இறுதியானது" என்ற வரி ஏறக்குறைய எல்லாத் திட்டங்களின் கடைசிப் பக்கத்திலும் இருக்கும். பலர் இதைப் படித்ததும் கேட்பதையே விட்டுவிடுகிறார்கள். அப்படி விட வேண்டியதில்லை. இந்த வரி திட்டத்தை மாற்ற அதிகாரம் கொடுக்கிறது. மாற்றாத ஒரு திட்டத்தைத் தப்பாகக் கூட்டிக் கழிக்க அதிகாரம் கொடுக்கவில்லை. ஜூன் மாத விற்பனையின் கழிவை ஆகஸ்டில் ஏற்றியது யாருடைய முடிவும் அல்ல, அது ஒரு வடிகட்டலின் விளைவு.

உண்மையிலேயே விருப்புரிமையைப் பயன்படுத்தியிருந்தாலும் அதற்கும் எல்லை உண்டு. பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2015இல் பிராகான்சா வழக்கில், ஒப்பந்தம் தரும் விருப்புரிமையை நல்லெண்ணத்தோடும், பொருத்தமானவற்றைக் கருத்தில் கொண்டும், அறிவுக்குப் பொருந்தாத வகையில் அல்லாமலும் பயன்படுத்த வேண்டும் என்று சொன்னது. அது இன்சென்டிவ் வழக்கு அல்ல. ஆனால் அந்நாட்டில் போனஸ் தகராறுகளில் இந்த அளவுகோலைத்தான் கையில் எடுக்கிறார்கள்.

இலக்கைக் காலாண்டின் நடுவில் உயர்த்துவதும் இந்த வகையில்தான் வரும். இங்கே இரண்டு தேதிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: மாற்றத்தை அறிவித்த தேதி, மாற்றம் அமலுக்கு வந்த தேதி. ஆகஸ்ட் 20 அன்று அறிவித்து, அக்டோபர் 1 முதல் என்றால் கேட்பதற்கு அதிகம் இல்லை. ஆகஸ்ட் 20 அன்று அறிவித்து ஜூலை 1 முதலே அமல் என்றால், ஏற்கனவே செய்து முடித்த ஏழு வார விற்பனைக்குப் பின்னால் போய் விதியை மாற்றுகிறார்கள். அதற்கு எதிரான வாதம் மிக வலுவானது. ஆனால் அறிவிப்பு வந்தபோது இணையதளத்தில் "ஏற்கிறேன்" என்ற பொத்தானை அழுத்திவிட்டு, நவம்பரில் மறுப்பது கடினம். அழுத்தாமல் வேலையைத் தொடர முடியாது என்றால், அழுத்திய அன்றே "பதிவுக்காக அழுத்தியிருக்கிறேன், முந்தைய தேதியிலிருந்து அமலாவதை ஏற்கவில்லை" என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். இரண்டு வரி போதும்.

## கடிதம்

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. கோபம், சேவைக்காலம், குடும்பச் சூழல் எதுவும் வேண்டாம். மேலே பார்த்த கணக்குக்கு அது இப்படி இருக்கும்:

> ஜூலை–செப்டம்பர் காலாண்டுக்கான என் அச்சீவ்மென்ட் 86.67 சதவீதம் என்று தெரிவிக்கப்பட்டுள்ளது. இன்வாய்ஸ் வாரியான அறிக்கையை என் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டு வரிகளைத் திருத்தக் கோருகிறேன்.
>
> 1. ஆகஸ்ட் 11 தேதியிட்ட கிரெடிட் நோட், 4 லட்சம். இது ஜூன் 18 இன்வாய்ஸுக்கு எதிரானது. சரக்குத் திரும்புவது பற்றிய திட்ட விதியின்படி இதை ஏப்ரல்–ஜூன் காலாண்டில் கழிக்க வேண்டும்.
>
> 2. செப்டம்பர் 1 முதல் மாற்றப்பட்ட வாடிக்கையாளருக்கான 2 லட்சம் என் இலக்கில் தொடர்கிறது. இலக்கு 118 லட்சமாக வேண்டும்.
>
> செப்டம்பர் 28 ஆர்டரும் நிகர மதிப்பும் தொடர்பான வித்தியாசங்களைத் திட்டத்தின்படி ஏற்கிறேன். திருத்தியபின் சாதனை 91.53 சதவீதம். முதல் வரியை மட்டும் திருத்தினாலும் 90 சதவீதம் ஆகிறது. இந்த வரிகளை ஏற்க முடியாது என்றால், எந்த விதியின்படி என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். "கணக்கு மறுபரிசீலனை செய்யப்பட்டது, மாற்றமில்லை" என்ற ஒற்றை வரிப் பதிலுக்கு அது இடம் கொடுக்காது. விதியைக் குறிப்பிட்டாக வேண்டும், அல்லது குறிப்பிட முடியவில்லை என்பது எழுத்தில் பதிவாகிவிடும். கடிதம் மேலாளருக்கும் இன்சென்டிவ் கணக்கிடும் பிரிவுக்கும் சேர்த்தே போகட்டும். மேலாளருக்கு மட்டும் அனுப்பினால் அவர் மேசையிலேயே நின்றுவிடும். பல நேரம் அவருடைய இன்சென்டிவும் அதே கிரெடிட் நோட்டால் குறைந்திருக்கும் என்பதால், அவர் உங்கள் பக்கம் பேசவும் வாய்ப்பு உண்டு.

## காலக்கெடு

பல திட்டங்களில் "அறிக்கை கிடைத்த இத்தனை நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும்" என்று ஒரு விதி இருக்கும். 15 நாள், 30 நாள் என்று மாறும். விவரமான அறிக்கை வந்து சேராததால் முழு மறுப்பும் எழுத முடியவில்லை என்றால், அந்தக் கெடுவுக்குள் "கணக்கை ஏற்கவில்லை, விவரம் கேட்டிருக்கிறேன், வந்ததும் வரிவரியாகத் தெரிவிப்பேன்" என்று மட்டுமாவது எழுதி வைக்க வேண்டும். அப்புறம் கெடு முடிந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

நிறுவனத்துக்கு வெளியே போக வேண்டி வந்தால் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அங்கே கமிஷன் ஊதியத்தில் சேர்க்கப்படுகிறதா என்பது. பிரிட்டனில் 1996ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம் கமிஷனையும் போனஸையும் ஊதியம் என்ற சொல்லுக்குள் கொண்டுவருகிறது. அதனால் சேர வேண்டிய கமிஷனைக் கொடுக்காமல் விடுவது ஊதியப் பிடித்தமாகவே பார்க்கப்படும். கலிபோர்னியாவில் 2013 முதல், கமிஷன் எப்படிக் கணக்கிடப்படும் என்பதை எழுத்தில் கொடுத்துக் கையொப்பம் பெற வேண்டும் என்பது சட்டம். ஊதியத்தில் சேராத நாடுகளில் இது ஒப்பந்த மீறல் என்ற வழியில் போக வேண்டியிருக்கும். அது நீளமான பாதை. எந்த வழியானாலும் தொழிலாளர் மன்றங்களுக்கான காலக்கெடு சில மாதங்களாகவே இருக்கலாம். உள்ளே கடிதப் போக்குவரத்து நடக்கிறது என்பதற்காக அது நிற்கும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

இந்தத் தகராறு நடக்கும்போதே வேலையை விட்டுப் போகிறவர்கள் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, "தொகை வழங்கும் நாளில் பணியில் இருக்க வேண்டும்" என்ற நிபந்தனை திட்டத்தில் இருக்கிறதா என்பது. இருந்தால், கணக்கு திருந்தினாலும் பணம் வராமல் போகலாம், ராஜினாமா தேதியை அதற்கேற்ப யோசிக்க வேண்டும். இன்னொன்று, இறுதிக் கணக்குத் தீர்வுப் படிவத்தில் "எனக்கு வேறு எந்தப் பாக்கியும் இல்லை" என்ற வரி. ஜூலை–செப்டம்பர் இன்சென்டிவ் நிலுவையில் இருக்கிறது என்று கையால் எழுதிச் சேர்க்காமல் அதில் கையொப்பமிட்டால், இதுவரை செய்த வேலை எல்லாம் வீணாகலாம்.

வேலையில் தொடர்பவருக்கு இன்னும் ஒரு சோதனை பாக்கி. அக்டோபர்–டிசம்பர் அறிக்கை வந்ததும் மூன்று வரிகளைத் தேட வேண்டும். அக்டோபர் 3 இன்வாய்ஸின் 5 லட்சம் வரவில் இருக்கிறதா? மாறிப்போன வாடிக்கையாளரின் மாதம் 2 லட்சம் புதிய இலக்கிலிருந்து முழுவதுமாக நீங்கியிருக்கிறதா? ஏப்ரல்–ஜூன் கணக்குக்குத் தள்ளிய 4 லட்சம் கிரெடிட் நோட், திருத்தம் என்ற பெயரில் இந்தக் காலாண்டில் மறுபடி கழிக்கப்பட்டிருக்கிறதா? மூன்றாவது அடிக்கடி நடக்கிறது. பழைய அறிக்கையைத் திருத்துபவர் ஒருவர், புதிய அறிக்கையை எடுப்பவர் இன்னொருவர்.